உப்பு நீரின் உறைநிலையை இறக்குவதும் கொதிநிலையை ஏற்றுவதும் ஏன்?

தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறைகிறது, கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிறது. அதில் உப்பைக் கரைத்தால் உறைவதற்கு இன்னும் கீழே போகவேண்டும், கொதிப்பதற்கு இன்னும் மேலே போகவேண்டும். முதன்முதலில் கேட்பவருக்கு இது முரணாகத் தெரியும். ஒரே பொருள் ஒரு முனையைக் கீழே தள்ளி, மறுமுனையை மேலே தூக்குவது எப்படி? குளிர்விக்கும் சக்தி ஒன்றும் சூடேற்றும் சக்தி ஒன்றும் உப்புக்குள் இருக்கின்றனவா?

அப்படி எதுவும் இல்லை. உப்பு செய்வது ஒரே வேலைதான்: நீர் மூலக்கூறுகள் திரவத்தை விட்டு வெளியேறும் போக்கைக் கொஞ்சம் குறைக்கிறது. உறைவதும் திரவத்தை விட்டுப் போவதுதான், ஆவியாவதும் திரவத்தை விட்டுப் போவதுதான். இரண்டு வழியிலும் போக்கு குறைந்தால், நீர் திரவமாகவே இருக்கும் வெப்பநிலை வரம்பு இரு பக்கமும் விரியும். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்தான்.

## முதலில், உறைநிலை என்றால் என்ன?

0 டிகிரியில் இருக்கும் நீரில் ஒரு பனிக்கட்டி மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். ஆனால் பனிக்கட்டியின் பரப்பில் ஓயாத போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. சில மூலக்கூறுகள் பனியிலிருந்து கழன்று நீருக்குள் வருகின்றன. சில நீரிலிருந்து போய்ப் பனியில் ஒட்டுகின்றன. இரண்டு வேகமும் சமமாக இருக்கும் வெப்பநிலையைத்தான் உறைநிலை என்கிறோம். அதற்கு மேலே உருகுவது முந்தும், கீழே உறைவது முந்தும்.

கொதிநிலையும் இதே வகைதான். நீரின் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாகப் பிரிகின்றன, ஆவியிலிருந்து திரும்பி வந்தும் சேர்கின்றன. மூடிய கலத்தில் இந்த இரண்டும் சமமாகும்போது ஆவி தரும் அழுத்தத்துக்கு ஆவி அழுத்தம் என்று பெயர். வெப்பநிலை ஏறினால் ஆவி அழுத்தமும் ஏறும். அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டதும் நீருக்குள்ளேயே குமிழிகள் உருவாகி நிலைக்க முடிகிறது. அதுவே கொதித்தல். கடல் மட்டத்தில் வெளி அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். தூய நீர் 100 டிகிரியில் அதை எட்டுகிறது.

ஆக, இரண்டு நிலைகளும் நீருக்குள் எழுதிவைத்த எண்கள் அல்ல. இரு பக்கப் போக்குவரத்து சமன்படும் இடங்கள். ஒரு பக்கத்தை மாற்றினால் சமன்படும் இடமும் நகரும்.

## உப்பு எந்தப் பக்கத்தை மாற்றுகிறது?

இங்கேதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, நீரில் கரையும்போது சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று மின்னூட்டம் கொண்ட இரு துகள்களாகப் பிரிகிறது. இந்த அயனிகளுக்குத் திரவத்தில் மட்டும்தான் இடம்.

1. பனிக்கட்டியின் படிக அமைப்பு நீர் மூலக்கூறுகளுக்கென்றே அமைந்தது. சோடியமோ குளோரைடோ அதில் பொருந்துவதில்லை. எனவே உப்புநீர் உறையத் தொடங்கும்போது உண்டாகும் பனிப்படிகம் ஏறக்குறையத் தூய நீர்தான்.

2. அயனிகள் ஆவியாவதும் இல்லை. சோடியம் குளோரைடு 801 டிகிரியில்தான் உருகவே செய்யும். உப்புநீரிலிருந்து எழும் ஆவியும் தூய நீர்தான்.

3. ஆகவே உப்பு சேர்த்ததால் பனியிலும் மாற்றம் இல்லை, ஆவியிலும் மாற்றம் இல்லை. மாறியது நடுவிலுள்ள திரவம் மட்டும்.

4. அந்தத் திரவத்திலிருந்து நீர் வெளியேறும் போக்கு குறைந்துவிட்டது. ஆனால் பனியிலிருந்தும் ஆவியிலிருந்தும் திரவத்துக்குத் திரும்பும் போக்கு பழையபடியே இருக்கிறது.

இப்போது 0 டிகிரியில் மிதக்கும் பனிக்கட்டியை உப்புநீருக்கு மாற்றுங்கள். பனியிலிருந்து கழன்று வரும் வேகம் அதேதான். போய் ஒட்டும் வேகம் குறைந்துவிட்டது. பனி உருகும். சமநிலை மீள வேண்டுமானால் கழன்று வரும் வேகமும் குறையவேண்டும், அதற்கு வெப்பநிலை இறங்கவேண்டும். உறைநிலை தாழ்ந்துவிட்டது.

ஆவிப் பக்கமும் இதே கதைதான். 100 டிகிரியில் உப்புநீரின் ஆவி அழுத்தம் 760-ஐ எட்டவில்லை. எட்டவேண்டுமானால் இன்னும் சூடாக்கவேண்டும். கொதிநிலை உயர்ந்துவிட்டது.

## போக்கு குறைவது ஏன்?

"அயனிகள் நீர் மூலக்கூறுகளைக் காந்தம்போல் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால் அவை வெளியேற முடிவதில்லை" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அயனிகள் நீரை ஈர்ப்பது உண்மைதான். ஆனால் இந்த விளைவுக்கு முதன்மைக் காரணம் அது இல்லை. அதை அளந்தே காட்டலாம்.

ஒரு கிலோ நீரில் 34.2 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை சுமார் 0.19 டிகிரி இறங்கும். சர்க்கரைக்குப் பதில் 6 கிராம் யூரியாவைக் கரைத்தாலும் அதே 0.19 டிகிரிதான். சர்க்கரை மூலக்கூறு பெரியது, யூரியா சிறியது. இரண்டும் நீரை ஈர்க்கும் விதம் வேறு. ஆனாலும் விளைவு ஒன்றே, ஏனென்றால் 34.2 கிராம் சர்க்கரையிலும் 6 கிராம் யூரியாவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். நீர் கவலைப்படுவது துகள்கள் எத்தனை என்பதைப் பற்றி, அவை யார் என்பதைப் பற்றி அல்ல. இப்படி எண்ணிக்கையை மட்டும் சார்ந்த பண்புகளைப் பாடநூல்கள் தொகைசார் பண்புகள் என்கின்றன.

சரி, இதே எண்ணிக்கையில் உப்பை எடுத்தால்? அதற்கு 5.8 கிராம் போதும். உறைநிலை இறங்குவது 0.35 டிகிரி, அதாவது சர்க்கரையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒவ்வோர் உப்பு அலகும் நீரில் இரண்டு துகள்களாகப் பிரிவதுதான் காரணம். இன்று இது எளிய செய்தி. 1880-களில் இது பெரிய புதிர். மின்னோட்டம் செலுத்தாமலே உப்பு நீருக்குள் அயனிகளாகப் பிரிந்து கிடக்கிறது என்று சுவீடனின் அரீனியஸ் 1887-ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அவர் பக்கம் நின்ற சான்றுகளில் முக்கியமானது இந்த இரட்டிப்பு உறைநிலைத் தாழ்வு.

சரி, எண்ணிக்கை மட்டும் எப்படி வேலை செய்கிறது? திரவத்துக்குள் அயனிகள் எங்கும் சிதறி உலாவுகின்றன. நீர் அதிகமாக இருந்தால் அவை பரவி இருக்கக்கூடிய விதங்களும் அதிகம். ஒரு நீர் மூலக்கூறு பனியாகவோ ஆவியாகவோ வெளியேறினால், அயனிகள் உலாவ இருந்த இடம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. கலந்து பரவியிருக்கும் நிலையிலிருந்து குறைவாகப் பரவிய நிலைக்குப் பொருட்கள் தாமாகப் போவது அரிது. ஆகவே ஒவ்வொரு நீர் மூலக்கூறின் வெளியேற்றத்துக்கும் ஒரு சிறு எதிர்ப்பு உண்டாகிறது. தூய நீரில் இந்த எதிர்ப்பு இல்லை. இயற்பியலில் இதை என்ட்ரோப்பி என்ற அளவால் எழுதுவார்கள். அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் மேலே சொன்னது போதும்.

## ஒரு கிலோ நீர், 58 கிராம் உப்பு

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். துகள்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் வேதியியலில் மோல் என்ற அளவு இருக்கிறது. ஒரு மோல் எந்தப் பொருளிலும் ஒரே எண்ணிக்கையிலான அலகுகள் இருக்கும். உப்பில் ஒரு மோல் என்பது 58.4 கிராம், நீரில் 18 கிராம்.

ஒரு கிலோ நீரில் 55.5 மோல் நீர் இருக்கிறது. அதில் ஒரு மோல் உப்பைப் போட்டால் 2 மோல் அயனிகள் கிடைக்கும். மொத்தம் 57.5 மோல் துகள்களில் 2 மோல் அயனி, அதாவது சுமார் 3.5 சதவீதம். நீரின் வெளியேறும் போக்கும் ஏறக்குறைய அதே 3.5 சதவீதம் குறையும். இந்த விகிதத்தை ஆவி அழுத்தத்துக்கு 1880-களில் அளந்து நிறுவியவர் பிரான்சின் ரவூல். 100 டிகிரியில் 760 இருக்கவேண்டிய ஆவி அழுத்தம் சுமார் 734-க்கு இறங்கிவிடும்.

இந்த 3.5 சதவீதக் குறையை வெப்பநிலையை மாற்றி ஈடுகட்டவேண்டும். எத்தனை டிகிரி?

1. கொதிக்கும் பக்கம்: 100 டிகிரி அருகே வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஆவி அழுத்தம் சுமார் 3.5 சதவீதம் கூடுகிறது. ஆக, ஒரு டிகிரி ஏற்றினால் போதும். கொதிநிலை 101.

2. உறையும் பக்கம்: 0 டிகிரி அருகே வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால், நீருக்கும் பனிக்கும் இடையிலான சமன் சுமார் 1 சதவீதம்தான் சாய்கிறது. 3.5 சதவீதத்தை ஈடுகட்டச் சுமார் 3.6 டிகிரி இறங்கவேண்டும்.

அதே உப்பு கொதிநிலையை ஒரு டிகிரி ஏற்றும்போது உறைநிலையை மூன்றரை டிகிரி இறக்குவதற்கு விடை இதில் இருக்கிறது. நீரை ஆவியாக்க ஒரு மோலுக்கு 40.7 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பனியை உருக்க 6 கிலோஜூல் போதும். மாற்றத்துக்கு அதிக வெப்பம் கேட்கும் சமநிலை, வெப்பநிலை சிறிது மாறினாலும் வேகமாகச் சாயும். குறைந்த வெப்பம் கேட்கும் சமநிலையைச் சாய்க்க நிறைய டிகிரி வேண்டியிருக்கிறது.

பாடநூல்களில் இவ்வளவையும் ஒரே வரியில் சுருக்கியிருப்பார்கள்:

ΔT = i × K × m

இதில் m என்பது ஒரு கிலோ நீரில் கரைந்த மோல்கள். i என்பது ஒவ்வோர் அலகும் எத்தனை துகள்களாகப் பிரிகிறது என்பது. சர்க்கரைக்கு 1, உப்புக்கு 2. இதை வாண்ட் ஹாஃப் காரணி என்பார்கள். K என்பது நீருக்கே உரிய மாறிலி: உறைதலுக்கு 1.86, கொதித்தலுக்கு 0.51.

இந்தச் சூத்திரப்படி நம் கரைசல் மைனஸ் 3.7 டிகிரியில் உறையவேண்டும். அளந்தால் மைனஸ் 3.4 வரும். இது அளவீட்டுப் பிழை இல்லை. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஓரளவு இழுத்துக்கொள்வதால், அவை முழுச் சுதந்திரமான இரண்டு துகள்களைப்போல் நடந்துகொள்வதில்லை. உப்பு மிகக் குறைவாக இருக்கும்போது i கிட்டத்தட்ட 2. இந்தச் செறிவில் சுமார் 1.8. சூத்திரம் நீர்த்த கரைசல்களுக்கு மட்டும் நம்பகமானது, மேலே போகப்போக அது தோராயம்தான்.

## உறையத் தொடங்கிய பிறகு

மைனஸ் 3.4 டிகிரியில் இந்தக் கரைசல் முழுவதும் கட்டியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. அங்கே உறைதல் தொடங்குகிறது, அவ்வளவுதான். உண்டாகும் பனி தூய நீர் என்பதால் உப்பு முழுவதும் மீதித் திரவத்தில் தங்குகிறது. மீதித் திரவம் இன்னும் உப்பாகிறது. அதன் உறைநிலை இன்னும் இறங்குகிறது.

அரைக் கிலோ நீர் பனியாகிவிட்ட கட்டத்தில், அதே 58 கிராம் உப்பு மீதி அரைக் கிலோவில் இருக்கிறது. உப்பின் செறிவு இரட்டிப்பாகிவிட்டது. அதற்கு மேல் உறையச் சுமார் மைனஸ் 7 டிகிரி வேண்டும். இப்படியே இறங்கிக்கொண்டு போனால் மைனஸ் 21.1 டிகிரியில் ஓர் எல்லை வருகிறது. அப்போது மீதித் திரவத்தின் எடையில் 23.3 சதவீதம் உப்பு. நம் கரைசலில் அந்தக் கட்டத்தில் சுமார் 808 கிராம் நீர் பனியாகியிருக்கும். 192 கிராம் நீரும் உப்பு முழுவதும் திரவமாக நிற்கும். அதற்கும் கீழே குளிர்வித்தால் நீரும் உப்பும் ஒன்றாகவே திண்மமாகின்றன. இந்த இடத்தை யூடெக்டிக் புள்ளி என்கிறார்கள். எவ்வளவு உப்பு கொட்டினாலும் உப்புநீர் சமநிலையில் இதற்குக் கீழே திரவமாக நிற்காது.

வெப்பமானியை வைத்துக் குளிர்வித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தூய நீரில் உறைதல் தொடங்கியதும் வெப்பநிலை 0-வில் நின்றுவிடும், எல்லாம் உறைந்த பிறகே மேலும் இறங்கும். உப்புநீரில் அப்படி நிற்காது. உறைந்துகொண்டே இறங்கிக்கொண்டும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: இரண்டுமே முதல் படிகம் தோன்றும் முன் தம் உறைநிலைக்குக் கீழே சில டிகிரி இறங்கிவிட்டு, படிகம் வந்ததும் சட்டென்று மேலே ஏறக்கூடும். இதை மீக்குளிர்வு என்பார்கள். அந்த அடிமட்ட எண்ணை உறைநிலை என்று குறித்துவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். ஏறி வந்த இடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

## பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் குளிர்ச்சி ஏன் கூடுகிறது?

உப்பு பனியை உருக்குகிறது என்றால், அது சூட்டைக் கொடுத்துத்தானே உருக்கவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். நொறுக்கிய பனிக்கட்டியில் மூன்றுக்கு ஒன்று என்ற எடை விகிதத்தில் உப்பைக் கலந்து வெப்பமானியை வைத்தால், அது 0-விலிருந்து இறங்கத் தொடங்கும். நன்றாகக் கலந்து, வெளிச்சூடு புகாமல் காத்தால் மைனஸ் 20-ஐ நெருங்கும்.

நடப்பது இதுதான். பனிக்கட்டியின் பரப்பில் எப்போதும் ஒரு மெல்லிய ஈரம் இருக்கும். உப்பு அதில் கரைகிறது. போய் ஒட்டும் மூலக்கூறுகள் குறைகின்றன, கழன்று வருபவை குறையவில்லை, ஆகவே பனி உருகுகிறது. உருகுவதற்கு ஒரு கிராமுக்கு 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கொடுக்க வெளியில் யாரும் இல்லை. கலவை தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் பனி உருகினால் 80 கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பம் போய்விடும். கரைசலின் உறைநிலையும் கலவையின் வெப்பநிலையும் சந்திக்கும் வரை இது தொடரும். வெறும் கையால் இந்தக் கலவையைத் தொடவேண்டாம், தோல் உறைந்து புண்ணாகிவிடும்.

குளிர்நாடுகளில் சாலைப் பனி மீது உப்பு தூவுவதும் இதே தத்துவம். அங்கே உருகத் தேவையான வெப்பத்தைச் சாலையும் காற்றும் தருகின்றன. குளிர் கூடக்கூட வேலை மந்தமாகி, மைனஸ் 21-க்குக் கீழே சோடியம் குளோரைடு பயனற்றுப் போகிறது. அதற்கு முன்பே கால்சியம் குளோரைடுக்கு மாறிவிடுவார்கள். அது மூன்று அயனிகளாகப் பிரிகிறது, கரையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது, அதன் யூடெக்டிக் புள்ளி மைனஸ் 50 டிகிரி அருகே.

## சமைக்கும் நீரில் உப்பு

ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பு போட்டால் கொதிநிலை எவ்வளவு ஏறும்? 10-ஐ 58.4-ஆல் வகுத்தால் 0.17 மோல். சூத்திரத்தில் போட்டால் 0.17 டிகிரி. சமையல் நேரத்தில் இது எந்த மாற்றத்தையும் செய்யாது. உப்பு சுவைக்காகத்தான். சூடான நீரில் உப்பு போட்டதும் சட்டென்று நுரைத்துப் பொங்குகிறதே என்றால், அது கொதிநிலை மாறியதால் அல்ல. உப்புத் துகள்களின் சொரசொரப்பான பரப்பு குமிழிகள் பிறக்க வசதியான இடமாக அமைகிறது. உப்பு கரைந்ததும் அந்தப் பொங்கல் அடங்கிவிடும். கரையக்கூடிய அளவு உப்பு முழுவதையும் கரைத்தால்கூடக் கொதிநிலை 109 டிகிரியைத் தாண்டாது.

## இந்த விதி எங்கே நிற்கும்?

கரைக்கிற பொருள் திரவத்திலேயே தங்கவேண்டும். மொத்த விளக்கமும் இந்த நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. இதைச் சோதிக்க எத்தனால் நல்ல உதாரணம். எத்தனால் பனிப்படிகத்துக்குள் போவதில்லை, ஆகவே நீரின் உறைநிலையை உப்பைப்போலவே இறக்குகிறது. ஆனால் அது நீரைவிட எளிதாக ஆவியாகும்; தனியாக இருந்தால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். நீரின் ஆவி அழுத்தம் குறைந்தாலும் எத்தனாலின் ஆவி அதற்கு மேலேயே சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. ஆகவே எத்தனால் கலந்த நீரின் கொதிநிலை ஏறுவதில்லை, 100-க்குக் கீழே இறங்குகிறது. உறையும் முனையில் விதி பலிக்கிறது, கொதிக்கும் முனையில் தலைகீழாகிறது.